பணம் இரண்டு மடங்கானால் வருடத்துக்கு எவ்வளவு?



இன்று ஒரு பணக் கணக்கைப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைப் போடலாம்.

நம் சீத்தா கேம்ப்பில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்வோம். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து 10,000 ரூபாய் வைத்திருக்கிறார். மகளின் கல்யாணத்துக்கு அந்தப் பணம் வேண்டும். அதுவரை எங்கே போட்டு வைப்பது என்று யோசிக்கிறார்.

ஒரு நாள் தெரிந்த பையன் ஒருவன் கடைக்கு வருகிறான்.

"அக்கா, பணத்தை எங்கள் கம்பெனியில் போடுங்கள். பத்து வருடத்தில் 20,000 தருவோம். பத்து வருடத்தில் நூற்றுக்கு நூறு கூடுகிறது. அப்படியானால் வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து. போஸ்டாபீசில் ஏழரைதானே தருகிறார்கள்?"

"யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்கிறார் அக்கா.

பையன் சொன்னது சரியா? கேட்பதற்குச் சரி போலத்தான் இருக்கிறது. நூறைப் பத்தால் வகுத்தால் பத்து. ஆனால் இந்த வகுத்தலில்தான் தப்பு இருக்கிறது.

அன்று இரவு அக்காவும் பத்தாவது படிக்கும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். நாமும் கூடவே போடுவோம்.

உண்மையிலேயே வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து கூடினால் என்ன ஆகும்? முதல் வருடம் 10,000 ரூபாய்க்கு 1,000 ரூபாய் கூடும். கையில் 11,000. இரண்டாம் வருடம் பத்தாயிரத்துக்கு மட்டும் கூடினால் போதாது. 11,000 ரூபாய்க்கும் கூட வேண்டும். அதற்கு 1,100 ரூபாய். இதைத்தான் வட்டிக்கு வட்டி என்கிறோம். இப்படியே பத்து வருடம் போட்டுப் பாருங்கள்.

1ஆம் வருட முடிவில் 11,000
2ஆம் வருட முடிவில் 12,100
3ஆம் வருட முடிவில் 13,310
4ஆம் வருட முடிவில் 14,641
5ஆம் வருட முடிவில் 16,105
6ஆம் வருட முடிவில் 17,716
7ஆம் வருட முடிவில் 19,487
8ஆம் வருட முடிவில் 21,436
9ஆம் வருட முடிவில் 23,579
10ஆம் வருட முடிவில் 25,937

"அம்மா, எட்டாவது வருடமே இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது!" என்கிறாள் மகள்.

ஆமாம். வருடம் பத்து வீதம் கூடினால் கடைசியில் 25,937 ரூபாய் வர வேண்டும். பையன் தருவதோ 20,000. கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய் குறைகிறது. வட்டிக்கு வரும் வட்டியை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் உண்மையில் வருடத்துக்கு எவ்வளவு? தொடக்கத்தில் 10,000. முடிவில் 20,000. நடுவில் 10 வருடம். ஒவ்வொரு வருடமும் ஒரே வீதத்தில், வட்டிக்கு வட்டியாக வளர்ந்து இந்த முடிவுக்கு வர வேண்டும். அந்த வீதம் எது? அதற்குப் படித்தவர்கள் வைத்த பெயர் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம். பெயர்தான் நீளம். கண்டுபிடிப்பது எளிது.

பத்து அதிகம் என்று பார்த்துவிட்டோம். குறைத்து, ஏழு வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு நூறும் 107 ஆகும். அதாவது ஒவ்வொரு வருடமும் 1.07ஆல் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் 10000ஐ 1.07ஆல் பெருக்குங்கள். வந்த விடையை மறுபடியும் 1.07ஆல் பெருக்குங்கள். இப்படிப் பத்து முறை. விடை 19,672 வரும். இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஏழை விடச் சற்றே அதிகமாக இருக்க வேண்டும்.

7.2 வைத்துப் பார்ப்போம். 1.072ஆல் பத்து முறை பெருக்கினால் 20,042 வரும். இது 42 ரூபாய்தான் அதிகம். ஆகவே பையன் தருவது வருடத்துக்கு ஏறக்குறைய 7.2. பத்து அல்ல!

இப்போது போஸ்டாபீஸ் கணக்கைப் பார்ப்போம். அங்கே கிசான் விகாஸ் பத்திரம் என்று ஒன்று உண்டு. போட்ட பணம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். 2023 ஏப்ரலில் அறிவித்தபடி, இரண்டு மடங்காக 115 மாதம் ஆகும். அதாவது 9 வருடம் 7 மாதம். வீதம் ஏழரை.

கவனித்தீர்களா? பையனின் "பத்து" இரண்டு மடங்காகப் பத்து வருடம் வேண்டும். போஸ்டாபீசின் "ஏழரை" ஐந்து மாதம் முன்பாகவே இரண்டு மடங்காகிறது. பெரிய எண்ணைச் சொன்னவன்தான் குறைவாகத் தருகிறான்.

இரண்டு மடங்கு என்று யாராவது சொன்னால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 72ஐ வருடங்களால் வகுத்துவிடுங்கள். பத்து வருடம் என்றால் 72ஐப் பத்தால் வகுக்க 7.2 வரும். நாம் பாடுபட்டுக் கண்டுபிடித்த அதே விடை!

இதே பத்திரம் 1988இல் தொடங்கியபோது ஐந்தரை வருடத்தில் பணம் இரண்டு மடங்கானது. 72ஐ ஐந்தரையால் வகுத்தால் 13க்குச் சற்று மேல். 2011இல் இதை நிறுத்தினார்கள். 2014இல் மறுபடி தொடங்கியபோது 100 மாதம் ஆனது. அது எட்டேகால் வருடத்துக்குச் சற்று மேல். வீதம் 8.7. எல்லாக் காலத்திலும் "இரண்டு மடங்கு" என்றுதான் சொன்னார்கள். வருடம் மாறினால் வீதம் மாறிவிடுகிறது. ஆகவே எத்தனை மடங்கு என்று கேட்டால் மட்டும் போதாது. எத்தனை வருடத்தில் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் குறுக்கு வழி இரண்டு மடங்குக்கு மட்டும்தான். மூன்று மடங்கு, ஒன்றரை மடங்கு என்றால், முன்பு செய்தது போல ஒரு வீதத்தை வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும். விடை அதிகமாக வந்தால் வீதத்தைக் குறையுங்கள். குறைவாக வந்தால் கூட்டுங்கள்.

இந்தக் கணக்கு சொல்லாத விஷயங்களும் உண்டு. ஒருவர் ஒரு ரூம் வாங்கினார். பத்து வருடத்தில் அதன் விலை இரண்டு மடங்கானது. இதற்கும் வீதம் 7.2தான். ஆனால் அந்த விலை ஒவ்வொரு வருடமும் 7.2 வீதம் ஏறியதா? ஆறு வருடம் ஏறாமல் நின்று, பிறகு ஒரேயடியாக ஏறியிருக்கலாம். நடுவில் விற்றவருக்கு ஒன்றும் கூடியிருக்காது. இந்த வீதம் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கிறது.

மாதாமாதம் கட்டும் சீட்டுக்கும் இது பொருந்தாது. சீட்டில் முதல் மாதம் கட்டிய பணம் நெடுநாள் இருக்கிறது. கடைசி மாதம் கட்டிய பணம் சில நாளே இருக்கிறது. ஒரே முறை போட்டு, ஒரே முறை எடுக்கும் பணத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

இன்னொன்று. வீதம் எவ்வளவு என்று கணக்கு சொல்லும். பணம் திரும்பி வருமா என்று சொல்லாது. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

மறுநாள் காலை பையன் வந்தான். "என்ன அக்கா, யோசித்தீர்களா?"

அக்கா நோட்டை எடுத்து அவன் முன் வைத்தார். "தம்பி, வருடத்துக்குப் பத்து என்றாயே. அப்படியானால் பத்து வருடத்தில் 25,937 ரூபாய் தருவதாக எழுதிக் கொடு. போடுகிறேன்" என்றார்.

பையன் நோட்டை ஒரு முறை பார்த்தான். பதில் சொல்லவில்லை. இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.