குடியை நிறுத்திய மறுநாள் போடும் காய்ச்சல் மாத்திரை

உங்கள் வீட்டு அலமாரியில், அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலோ கைப்பையிலோ, பாராசிட்டமால் அட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். 500 மில்லிகிராம் அல்லது 650. அளவோடு போட்டால் நல்ல மாத்திரைதான். நானும் எழுதிக் கொடுக்கிறேன், எனக்குக் காய்ச்சல் வந்தால் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் தினமும் குடிக்கிற ஒருவர் உடம்பில் அதே மாத்திரை ஏன் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

மருத்துவ வார்டில் பல வருடமாகப் பார்த்தவர்களில் சிலரை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. வயது நாற்பத்தைந்து, எடை 60 கிலோ. வருடக்கணக்காகத் தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். குவார்ட்டர் என்றால் 180 மில்லி, அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். காய்ச்சல் வந்தது, வாய் கசந்தது, சரக்கு வாசனையே குமட்டியது. நிறுத்திவிட்டார். சாப்பாடும் இறங்கவில்லை, டீயும் கஞ்சித் தண்ணியும்தான். 650 மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு ஆறு போட்டார். மூக்கு ஒழுகியதால் மெடிக்கலில் சளி மாத்திரை கேட்டு அதையும் மூன்று வேளை போட்டார். அந்தச் சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இருந்தது அவருக்குத் தெரியாது. கூட்டிப் பாருங்கள்: 3,900, அதோடு 1,500. நாளைக்கு 5,400 மில்லிகிராம், இப்படி மூன்று நாள். நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே 4,000 தான் எல்லை.

நாலாம் நாள் ஓயாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. கூட வந்த மனைவி சொன்னார்: "காய்ச்சலுக்கு மாத்திர தான் சார் போட்டாரு, வேற ஒண்ணும் இல்லீங்க. குடியக்கூட விட்டுட்டாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம். இந்த இடத்தை நான் கொஞ்சம் அனுபவித்துச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்தியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

பாராசிட்டமால் கல்லீரலுக்குள் போனதும் அதில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு, சர்க்கரைச் சத்திலிருந்து வரும் ஒரு பொருளோடோ சல்பேட்டோடோ ஒட்டிக்கொண்டு தீங்கில்லாமல் சிறுநீரில் போய்விடும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு மட்டும் வேறு வழியில் போகும். அந்த வழியில் சைப் 2இ1 என்ற நொதி, அதாவது என்சைம், நிற்கிறது. அது பாராசிட்டமாலை நாப்கீ என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். பயப்பட வேண்டாம், நீங்கள் ஒரு மாத்திரை போட்டாலும் இது கொஞ்சம் உண்டாகத்தான் செய்யும். உண்டான உடனே குளூட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து முடக்கி வெளியே அனுப்பிவிடும். கல்லீரலில் குளூட்டாதயோன் இருப்பு வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்போதுதான் சிக்கல். மிஞ்சிய நாப்கீ கல்லீரல் அணுக்களின் புரதங்களிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், அணுக்கள் சாகும். 1973இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளிலும் சுண்டெலிகளிலும் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள்.

இதில் குடி எங்கே வருகிறது? சாராயத்தைக் கல்லீரல் எரிக்கும்போது பெரும்பாலும் வேறொரு நொதியைத்தான் நம்புகிறது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவருக்கு அது போதாமல் சைப் 2இ1-ம் வேலைக்கு வருகிறது. நியூயார்க்கில் சார்லஸ் லீபர் என்ற மருத்துவர் 1968இல் கல்லீரலின் இந்த இரண்டாவது எரிப்பு வழியை விவரித்தார். சாராயம் அந்த நொதியோடு ஒட்டிக்கொள்ளும்போது நொதி சீக்கிரம் சிதையாது. சாதாரணமாகச் சிதைந்து கழிய வேண்டியது கழியாமல் சேர்ந்துகொண்டே போகும். அதனால் தினக்குடிகாரரின் கல்லீரலில் இந்த நொதி பல மடங்கு கூடி நிற்கும். நொதி தூண்டப்படுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது ஒரு முடிதிருத்தும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிதான் நொதி. சாராயமும் பாராசிட்டமாலும் ஒரே நாற்காலிக்கு வரும் வாடிக்கையாளர்கள். தினமும் சாராயம் கூட்டமாக வருவதால் கடைக்காரர் இரண்டு நாற்காலியை ஆறாக்கிவிட்டார். உடம்பில் சாராயம் இருக்கும்வரை ஆறிலும் அதுவே உட்கார்ந்திருக்கும், பாராசிட்டமாலுக்கு இடம் கிடைக்காது. குடியை நிறுத்தினால் சில மணி நேரத்தில், மறுநாள் காலைக்குள், சாராயம் உடம்பை விட்டுப் போய்விடும். நாற்காலிகள் போகாது. அவை பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப நாட்கள் ஆகும். இரண்டு மூன்று நாளில்தான் பாதியாகும். அந்த இடைவெளியில் பாராசிட்டமால் வந்தால் ஆறு நாற்காலியும் அதற்கே.

சில நேயர்கள் இப்போது மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது: அப்படியென்றால் குடித்துக்கொண்டே மாத்திரை போட்டால் பத்திரமா டாக்டர்? வேண்டாம் ஐயா. போதை எந்த மணிக்கு இறங்கும், நொதி எந்த மணிக்குக் காலியாகும் என்று யாரும் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. தலைவலி மாத்திரையைத் தேடுவதும் போதை இறங்கிய காலையில்தானே! அமெரிக்காவில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் சாராயத்தை ஊசி வழியாக ஏற்றி, நிறுத்தி, சில மணி நேரம் கழித்துப் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு இரவுச் சாராயத்துக்கே நச்சுப்பொருள் சராசரியாக 22 சதவீதம் கூடியது.

22 சதவீதம் மட்டும் கூடினால் கல்லீரல் சமாளிக்கும். உண்மையில், அப்போதுதான் குடியை விட்டவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் நாளைக்கு 4 கிராம் சில நாள் கொடுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே குடிப்பவர் ஒரு மாத்திரை போட்டாலே கல்லீரல் போய்விடும் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். நொதி கூடியிருப்பதோடு இன்னும் இரண்டு சேரவேண்டும். ஒன்று பட்டினி. சாப்பிடாதவருக்குக் குளூட்டாதயோன் இருப்பு குறையும். சாராயமே அதை ஏற்கெனவே கரைத்து வைத்திருக்கும். சர்க்கரைச் சத்து குறைவதால் அந்தப் பத்தில் ஒன்பது பங்கு வழியும் சுருங்கி, மருந்து நச்சு வழிக்குத் திரும்பும். இன்னொன்று, தெரியாமலே அளவை மீறுவது. நம் தொழிலாளிக்கு மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டதும் குடியை அடியோடு நிறுத்துபவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! நல்ல காரியம். ஆனால் அந்த முதல் வாரத்தில் ஒருவேளைச் சாப்பாடு, குளிர்ந்த நீரில் குளியல், காய்ச்சல், உடம்பு வலி என்று வந்தால், மாத்திரை எடுக்கும் முன் அட்டையைப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

வார்டுக்குத் திரும்புவோம். ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 7,400. எஸ்.ஜி.பி.டி. 3,900. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 3.4, சாதாரணமாக அது 1 அளவில் இருக்கும். மஞ்சள் காமாலை அளவு பெரிதாக ஏறவில்லை. இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் கேஸ் ஷீட்டில் "குடியால் வந்த கல்லீரல் அழற்சி" என்று எழுதியிருந்தார். இயல்பான நினைப்புதான். ஆனால் வெறும் குடியால் வரும் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி. 300, 400-ஐத் தாண்டுவது அபூர்வம். ஆயிரக்கணக்கில் போனால் வேறு காரணம் தேடவேண்டும். மஞ்சள் காமாலை வைரஸ்கள், ரத்த அழுத்தம் படுத்துவிட்ட நிலை, நம் ஊரில் கட்டாயம் கேட்கவேண்டிய எலி பேஸ்ட், அப்புறம் பாராசிட்டமால். ரத்தத்தில் பாராசிட்டமால் அளவு பார்த்தோம், ஏறக்குறைய பூஜ்யம். அதை வைத்து அந்த மாத்திரையை விடுவித்துவிட முடியாது. கடைசி மாத்திரை போட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மருந்து போய்விட்டது, காயம் தங்கிவிட்டது. ஒரே தடவையில் மொத்தமாக விழுங்கியவர்களுக்கு மணி நேரத்தையும் ரத்த அளவையும் வைத்துப் பார்க்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவர்களுக்கு அது உதவாது. நோயாளியிடம் உட்கார்ந்து மாத்திரையை எண்ணுவதுதான் வழி.

சிகிச்சை, என்-அசிட்டைல்சிஸ்டீன். நெஞ்சுச் சளியைக் கரைக்கப் பொடியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கிறோமே, அதேதான். ஆம்பூலை உடைத்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அதில் உள்ள கந்தகத்தால். கல்லீரல் அந்தக் கந்தகச் சத்தை வைத்துத் தீர்ந்துபோன குளூட்டாதயோனை மறுபடி தயாரித்துக்கொள்கிறது. எடின்பரோவில் பிரஸ்காட் என்ற மருத்துவர் 1970களில் இதை நரம்பு வழியாக ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். 60 கிலோவுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 9 கிராம், அடுத்த நாலு மணி நேரத்தில் 3, அடுத்த பதினாறு மணி நேரத்தில் 6. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். இவரைப்போலத் தாமதமாக வந்தவர்களுக்கும் கொடுப்போம். இவருக்கு ஐ.என்.ஆர். மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கியது, எஸ்.ஜி.ஓ.டி. நாளுக்கு நாள் பாதியாகிக் கொண்டே வந்தது. ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போய் பேச்சும் குழம்பத் தொடங்கியிருந்தால், கல்லீரல் மாற்று செய்யும் ஊருக்கு அனுப்பவேண்டியிருக்கும். அப்படி அனுப்பியவர்களும் உண்டு.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் கைகாட்டுகிறார்கள், வேகமாகச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர்களுக்கும், நிறுத்தி ஒரு வாரம் ஆகாதவர்களுக்கும் நாங்கள் பொதுவாக நாளைக்கு 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வோம். 500 மாத்திரை என்றால் நாலு. வயிற்றில் ஏதாவது இறங்கியிருக்கவேண்டும். சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை வாங்கும்போது அட்டையில் பாராசிட்டமால் என்று இருக்கிறதா என்று மெடிக்கலில் கேளுங்கள். பாராசிட்டமாலுக்குப் பயந்து டைக்ளோபினாக்குக்கும் இபுப்ரோபெனுக்கும் தாவாதீர்கள். குடிப்பவரின் வயிற்றில் அவை ரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அளவு மீறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள். வரும்போது காலியான அட்டைகளை எல்லாம், குப்பைக்கூடையில் கிடந்தாலும், எடுத்துக்கொண்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.