பட்டுப்புடவையும் பழைய ரூபாய் நோட்டும்
(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் மகளிர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். படித்தது பி.காம்., நெசவுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் பட்டுப்புடவையை அலமாரியில் வைப்பது பற்றிப் பேச ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கல்யாணத்தின்போது, தன் பாட்டியின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அம்மா அதை ஒரே ஒரு முறைதான் கட்டியிருந்தார். அதன் பிறகு கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே, கடை மடிப்பு கலையாமல், முப்பது வருடம் பீரோவில் இருந்தது. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. கொசுவத்தைச் சொருகி எழுந்து நின்றதும் 'சர்' என்று ஒரு சத்தம். இடுப்புக்கு ஒரு சாண் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகக் கிழிந்துவிட்டது. அம்மா எதுவும் சொல்லவில்லை. கிழிந்த இடத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "வேறே கட்டிக்கோ கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அது ஏன் கிழிந்தது என்று எனக்கு என் கவுண்ட்டர் அனுபவத்திலிருந்துதான் புரிந்தது. நாலாக மடித்தே வைத்திருந்த ரூபாய் நோட்டு எங்கே கிழியும்? மடிப்புக் கோட்டில்தான். மற்ற இடமெல்லாம் மொடமொடவென்று இருக்கும், கோட்டில் மட்டும் நைந்திருக்கும். பட்டும் அப்படித்தான். ஒரே கோட்டில் வருடக்கணக்கில் வளைந்தே இருந்தால் அந்த இழைகள் அங்கே உடைகின்றன. ஜரிகை ஓடும் இடத்தில் இன்னும் சீக்கிரம். ஜரிகை உலோகம் அல்லவா? மடிப்பில் அது கூர்மையாகி, பக்கத்துப் பட்டு இழையை அறுக்கிறது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்ற வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பலர் செய்வது என்ன? பிரித்து உதறிவிட்டு, பழைய கோட்டிலேயே திரும்ப மடித்து விடுகிறோம். அல்லது உள்பக்கத்தை வெளியே திருப்பி, அதே கோட்டில் எதிர்ப்பக்கமாக மடிக்கிறோம். கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து ஒடிப்பது போலத்தான் அது. மாற வேண்டியது கோடு இருக்கும் இடம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். புடவையின் அகலம் சுமார் 48 அங்குலம். கடையில் இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடிப்பார்கள். அப்போது கோடுகள் 12, 24, 36 அங்குலத்தில் விழும். அடுத்த முறை நீங்கள் அதை மூன்றாக மடியுங்கள். கோடுகள் 16, 32 அங்குலத்தில் விழும். பழைய கோடு ஒன்றுகூட இதில் வராது. அதற்கடுத்த முறை மறுபடி நாலு, பிறகு மூன்று. பழைய கோடுகளுக்கு மூன்று மாதம் ஓய்வு கிடைக்கிறது.

நீளவாட்டில் இன்னும் சுலபம். முதலில் முந்தானை ஓரத்தில் அரைச் சாண் மட்டும் மடியுங்கள். பிறகு விசிறி போல முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே போங்கள். அடுத்த முறை அந்த அரைச் சாணை விட்டுவிட்டு முழு மடிப்பிலேயே தொடங்குங்கள். எல்லாக் கோடும் தானாக நகர்ந்துவிடும். ஜரிகைப் பக்கம் உள்ளே இருக்கட்டும். முந்தானையில் ஜரிகையும் ஜரிகையும் உரசும் இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை வையுங்கள். மடித்த பிறகு கையால் அழுத்தித் தேய்க்கவோ, இஸ்திரி போடவோ வேண்டாம். மடிப்பு புஸுபுஸுவென்று இருப்பதுதான் நல்லது.

அடுத்தது, சுற்றி வைக்கும் துணி. நம் வீட்டிலேயே இருக்கும் பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியைவிட நல்லது எதுவும் இல்லை. பல முறை துவைத்ததால் மென்மையாக இருக்கும், சாயம் ஒட்டாது. ஆனால் கஞ்சி, சொட்டு நீலம் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே பயன்படுத்துங்கள். கஞ்சி வாசனைக்கு வெள்ளிப்பூச்சி வரும். ஒரு நாலு முழ வேட்டியை இரண்டாகக் கிழித்தால் இரண்டு புடவைக்கு ஆகும். புடவையை நடுவில் வைத்து, கடிதத்தை உறையில் போடுவது போல நாலு பக்கமும் மடித்துவிட்டால் போதும். முடிச்சு, ரப்பர் பேண்ட், சேஃப்டி பின் வேண்டாம். பின் துருப்பிடித்தால் கறை போகவே போகாது.

பிளாஸ்டிக் உறையில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அதில்தான் ஜரிகை கறுக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. துணி ஈரத்தை விட்டுவிடும். நம் அடுக்ககங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் பட்டு வைக்காதீர்கள். வேறு இடம் இல்லையென்றால், பின்சுவரில் படாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, நடுத்தட்டில் வையுங்கள். கனமான புடவை அடியில், லேசானது மேலே. ஐந்தாறுக்கு மேல் அடுக்க வேண்டாம்.

இனி பூச்சி. சுவரில் பூசணி விதை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கூடு ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது அந்துப்பூச்சியின் புழு. கம்பளி, பட்டு, முடி எல்லாம் அதற்கு உணவு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட பட்டு என்றால் இன்னும் இஷ்டம். அதனால் விசேஷத்திலிருந்து வந்ததும் புடவையை உள்ளே வைக்காதீர்கள். நிழலில், காற்றாட, ஒரு இரவு கொடியில் போட்டுவிட்டு மறுநாள் மடியுங்கள். கறை இருந்தால் சுத்தம் செய்த பிறகுதான் அலமாரி.

காய்ந்த வேப்பிலை, கிராம்பு, வசம்பு இவற்றைச் சிறு துணிப் பையில் கட்டி, தட்டின் மூலையில் வைக்கலாம். பச்சை இலை கூடாது, ஈரம் சேரும். இவை பூச்சியை ஓரளவு தள்ளி வைக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. நாஃப்தலின் உருண்டை ஜரிகையில் படவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது. துணிச் சுற்றும் பூச்சிக்குக் கோட்டைச் சுவர் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாம் பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான காவல்.

பிரிக்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் நேராக வெளிச்சம் தெரிந்தால் அது விரிசலின் தொடக்கம். அங்கும் இங்குமாக ஒழுங்கற்ற ஓட்டைகள் தெரிந்தால் பூச்சி. பூச்சி என்றால் எல்லாச் சுற்றுத் துணிகளையும் துவைத்து, அலமாரி மூலைகளைத் துடைத்து, ஒவ்வொரு புடவையையும் பார்க்க வேண்டும். விரிசல் தொடங்கியிருந்தால் இனி அதை மடிக்கவே வேண்டாம். பருத்தித் துணி சுற்றிய நீளமான அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள். போன இழை திரும்பாது, மிச்சம் தப்பும்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். புடவையின் பெயர், மடித்த தேதி, மூன்றா நாலா, இவ்வளவுதான் அதில். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் ஞாயிறு அந்த வேலைக்கு. அக்டோபரில் மழை பிடிப்பதற்கு முன்பே முடித்துவிடுவேன்.

அம்மா இப்போது இல்லை. அந்த அரக்குப் பட்டு குழாயில் சுருட்டி என் அலமாரியில் இருக்கிறது. நோட்டில் முதல் வரி அதற்குத்தான். உங்கள் அம்மாவின் புடவை இன்னும் கடை உறையில் இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் அதைப் பிரியுங்கள்.