மடிக்கணினியின் மின் வடம்

யாழ்ப்பாணத்தை நோக்கிச் செல்லும் கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்கு ஒரு வீதி பிரிகின்ற இடத்தில் கொடிகாமம் இருக்கிறது. தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் வந்து சேரும் சந்தையினாற் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரின் பல குடும்பங்களுக்குக் கனடாவிலும் இலண்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உறவினர் உண்டு. விடுமுறைக்கு வரும் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பது இக்கால வழக்கமாகிவிட்டது.

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தொரொன்ரோவிலிருந்து வந்த மாமா, உயர்தர வகுப்பிற் படிக்கும் மருமகளுக்குத் தம் மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் மின்னேற்றியின் செருகியில் தட்டையான இரு தகடுகளும் உருண்டையான ஒரு முனையும் இருக்கின்றன. வீட்டுச் சுவரிலுள்ள குதையிலோ சதுர முனைகளுக்குரிய மூன்று துவாரங்களே உள்ளன. இரண்டும் பொருந்தவில்லை. “செருகியை வெட்டிவிட்டு வேறொன்று பூட்டித் தரட்டோ, அக்கா?” என்று அயல்வீட்டுத் தம்பி கேட்கிறான். பல நாட்டுச் செருகிகளையும் ஏற்கும் மலிவான இடைச்செருகி ஒன்று சந்திக் கடையில் இருப்பதாக இன்னொருவர் சொல்கிறார். மின்னேற்றியே இந்நாட்டுக்கு ஒவ்வாதென்று மூன்றாமவர் தீர்ப்புக் கூறுகிறார்.

இம்மூன்றும் வேண்டியதில்லை. மின்னேற்றி என்பது உண்மையில் இரு பொருள்கள். நடுவிலிருக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று. அதனைச் சுவரோடு இணைக்கும் வடம் மற்றொன்று. பெட்டியின் அடியில் உள்ள எழுத்துகளைப் படித்தால் உள்ளீடு 100 முதல் 240 வோல்ற்று வரை என்றிருக்கும். அவ்வாறிருந்தால், கனடாவின் 120 வோல்ற்றிலும் இலங்கையின் 230 வோல்ற்றிலும் அது ஒருபோலவே இயங்கும். நாட்டுக்கு நாடு மாறுவது வடம் மட்டுமே. பெரும்பாலான பெட்டிகளில் அவ்வடத்தை இழுத்தவுடன் கையோடு கழன்று வரும். ஆகவே வாங்க வேண்டியது ஒரு வடமே.

எந்த வடம் என்பதைப் பெட்டியிலுள்ள வாயின் வடிவம் சொல்லிவிடும். மடிக்கணினிகளில் மிகுதியாகக் காணப்படுவது, மூன்று வட்டங்களை ஒன்றாக ஒட்டினாற்போன்ற வடிவம். கடைக்காரர் இதனை மிக்கி மவுஸ் வயர் என்பர். பன்னாட்டு நியமத்தில் இதன் பெயர் C5. இரண்டாவது, 8 என்ற எண்ணைப் போன்றது. அதன் பெயர் C7. இவ்விரண்டும் இரண்டரை அம்பியருக்கு உரியவை. மூன்றாவது, மேசைக்கணினிக்குப் பூட்டும் பருத்த வடம். C13 எனப்படும் அது 10 அம்பியருக்கு உரியது. பெரிய மின்னேற்றிகளில் மட்டுமே வரும். ஒரு வடிவம் மற்றொன்றின் வாயில் நுழையாது.

மூன்று வட்ட வடத்தில் மூன்று கம்பிகள் இருத்தல் வேண்டும்: உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி. மின்னேற்றியின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சிறு கொள்ளளவிகள் ஊடாக மிக நுண்ணிய மின்னோட்டம் ஒன்று எப்போதும் கசியும். புவிக்கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கணினியின் உலோக உடலில் வந்து நிற்கும். அதன்மேல் விரலை மெல்ல ஓட்டினால் கிறுகிறுவென்று ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு தன்னளவிற் பெரிய தீங்கு செய்வதன்று. ஆனால், உள்ளே காவல் பழுதுபடும் நாளில் உயிரைக் காக்க வேண்டிய வழி திறந்திருக்கவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. 8 வடிவ வடத்திற்கு இரு கம்பிகளே போதும். அதற்குரிய பெட்டியின்மேல் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருக்கும்.

இந்நாட்டில் 13 அம்பியர்ச் சதுர முனைச் செருகியை நியமமாகக் கொள்வதென 2017 இல் முடிவாயிற்று. அச்செருகியின் சிறப்பு அதனுள் இருக்கும் உருகி. சுவர்க்குதைக்குப் பின்னாலுள்ள இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர் அளவைத் தாங்கும் காப்போடு இருக்கும். மெல்லிய வடத்தில் குறுஞ்சுற்று ஏற்பட்டால், அக்காப்பு விழித்துக்கொள்ளுமுன் வடம் உருகிவிடக்கூடும். அதனைத் தடுக்கவே செருகியில் 3 அம்பியர் உருகி வைக்கப்படுகிறது. 65 வாற்று மின்னேற்றி சுவரிலிருந்து எடுப்பது ஓர் அம்பியருக்கும் குறைவாதலால் 3 அம்பியர் தாராளம். இந்தியாவிலிருந்து வரும் உருண்டை முனை வடங்கள் பழைய வீடுகளின் 5 அம்பியர்க் குதைகளில் நுழையும். ஆனால் அவற்றில் உருகி இல்லை.

குறைந்த மின்னோட்டந்தானே, எந்த வடமானாலென்ன என்று நினைத்தல் தவறு. 2014 ஆகஸ்டில் எச்.பி. நிறுவனம், 2010 செப்டெம்பர் முதல் 2012 யூன் வரை மடிக்கணினிகளோடு விற்ற ஒரு வகை வடத்தைத் திரும்பப் பெற்றது. மின்னேற்றியிற் பொருந்தும் முனையில் LS-15 என்ற அடையாளம் கொண்ட வடங்கள் அவை. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 56 இலட்சம். அளவுக்கு மீறிச் சூடேறி உருகியதாகவோ கருகியதாகவோ 29 முறைப்பாடுகள் வந்திருந்தன. நிறுவனம் மாற்றிக் கொடுத்தது கணினியையன்று, பெட்டியையுமன்று, வடத்தை மட்டுமே. பெரிய நிறுவனத்தின் வடத்துக்கே இந்நிலை நேருமாயின், பெயரில்லா வடத்தைச் சோதித்து வாங்குவது எத்துணை அவசியம்!

அந்த மருமகள் கடைக்குப் போகும்போது பழைய வடத்தையும் கையோடு கொண்டுபோதல் நலம். முதலில் செருகியின் முனைகளைப் பார்க்க வேண்டும். கீழுள்ள இரு முனைகளின் அடிப்பகுதியில் மட்டுமே கறுப்பு உறை இருத்தல் வேண்டும். மேலுள்ள நீண்ட புவிமுனை முழுவதும் உலோகமாக இருத்தல் வேண்டும். அதற்கும் உறை போட்டிருந்தால் அது போலி. அவ்வுறை புவித்தொடுப்பையே தடுத்துவிடும். 8 வடிவ வடத்தில் புவிமுனை பிளாத்திக்காக இருப்பது மட்டும் குற்றமன்று. குதையின் மூடியைத் திறப்பதே அதன் வேலை.

அடுத்து, உருகியை ஒரு சிறு திருப்புளியால் நெம்பி எடுத்து, 3 என்ற எண்ணும் BS 1362 என்ற எழுத்தும் உண்டா என நோக்கலாம். உருகியே இல்லாத செருகியை அங்கேயே வைத்துவிட வேண்டும். பிறகு வடத்தின் மேலுறையைப் படிக்க வேண்டும். 3G 0.75 என்று அச்சிட்டிருந்தால், புவிக்கம்பியோடு மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் முக்கால் சதுர மில்லிமீற்றர் என்று பொருள். ஆயினும் அச்செழுத்தும் பொய் சொல்லக்கூடும். ஆதலால், “அண்ணை, மீற்றர் வைத்துப் புவிக்கம்பியைப் பார்த்துத் தாருங்கோ” என்று கேட்பதில் வெட்கமில்லை. சுவரிற் செருகாத வடத்தில், புவிமுனைக்கும் மூன்று வட்டங்களுள் தனித்து நிற்கும் வட்டத்துக்கும் இடையே மீற்றர் ஒலிக்க வேண்டும். மற்ற இரண்டோடும் ஒலிக்கக் கூடாது. காந்தத்தை வடத்தருகே கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ளுமாயின், உள்ளிருப்பது செப்புப் பூசிய இரும்பு.

வீட்டுக்கு வந்தபின் முதல் அரைமணி நேரம் வடத்தின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பெட்டி சூடாவது இயல்பு. வடம் சூடாவது இயல்பன்று. அசைத்தால் மின் விட்டு விட்டு வருவதும், முனையருகே உறை பழுப்பேறுவதும், கருகல் மணமும் வடம் முடிந்துவிட்டதற்கு அடையாளங்கள். அதனைத் துணிநாடா சுற்றிக் காப்பாற்றக் கூடாது. முனையோடு வெட்டிப் போட்டுவிட வேண்டும், வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தாதபடி. மாமா கொண்டுவந்த கனடா வடத்தை அவ்வாறு வெட்ட வேண்டியதில்லை. அவர் மீண்டும் வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பலாம். அது தன் நாட்டில் நல்ல வடமே.