தட்டு சொன்ன பொய்

கரிசல் மண்ணில் இருக்கும் ஈரமெல்லாம் பயிருக்குக் கிடைத்துவிடாது. எவ்வளவு கிடைக்கும் என்று அறிய, ஊறிய மண்ணைப் பீங்கான் தட்டில் வைத்து, மூடிய கலனுக்குள் 33 கிலோபாஸ்கல் தொடங்கி 1500 வரை காற்றழுத்தம் கொடுப்பார்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் சொட்டு நின்றதும் எடை போட்டு, 105 டிகிரியில் உலர்த்தி மறுபடி எடை போடுவார்கள். கிடைக்கும் ஐந்தாறு புள்ளிகளில் வான் கெனுக்டென் 1980இல் தந்த சமன்பாட்டைப் பொருத்தினால் வழவழப்பான வளைகோடு வரும்.

சிக்கல் கடைசிப் புள்ளியில்தான். கரிசல் சுருங்கித் தட்டைவிட்டு எழும்பினால், வெளியேற வழியில்லாமலே சொட்டு நின்றுவிடும். 20 சதவீத ஈரம் இருக்க வேண்டிய இடத்தில் 24 என்று பதிவாகிறது என்று வையுங்கள். 33இல் 36 சதவீதம் வைத்திருந்த மண் பயிருக்குத் தருவது 16 அல்ல, 12 என்றாகிவிடும். கோடோ அப்போதும் அழகாகவே பொருந்தும்! அதே மண்ணின் உறிஞ்சுவிசையைப் பனிநிலைமானியில் அளந்து பாருங்கள். 1500ஐவிட நன்றாகக் குறைந்திருந்தால், அந்தப் புள்ளியை நம்ப வேண்டாம்.