துக்கம் விசாரிக்க வழக்கம் இல்லாத வீட்டில்

(செட்டியார்பட்டி குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பராமரிப்புக் கட்டணம், மோட்டார் ரிப்பேர் இவற்றைத் தவிர வேறு ஏதாவது ஒரு விஷயம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் சங்கடமானது. கர்ப்பம் கலைந்துபோன ஒரு தம்பதி நம் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களிடம் என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்பதுதான் அது.

நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போவோம். கொஞ்ச நேரம் உட்காருவோம். அதிகம் பேச மாட்டோம். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல மாட்டோம். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்து சாப்பாடு கொடுத்து விடுவோம். பதினாறாம் நாள் வரை அந்த வீட்டுக்காரர் சோர்ந்து இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கரு கலைந்த வீட்டுக்கு இப்படி ஒரு வழக்கமே கிடையாது. சுவரொட்டி இல்லை, காரியம் இல்லை. அதனால்தான் நமக்கு வாயில் வந்ததைப் பேசிவிடுகிறோம், அல்லது பயந்துபோய் லிஃப்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இத்தனைக்கும் இது அபூர்வமாக நடப்பது அல்ல. உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே பல வீடுகளில் கர்ப்பமும் யாருக்கும் தெரியாது, இழப்பும் யாருக்கும் தெரியாது.

நமக்குத் தெரிய வந்தால் முதலில் வாயில் வரும் கேள்வி, "எதனாலம்மா ஆச்சு?" என்பது. அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் கேட்கப்படும் பெண்ணுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். ஸ்கூட்டியில் போனாயா, மாடிப்படி ஏறினாயா, பப்பாளி சாப்பிட்டாயா என்று அடுத்தடுத்து வரும். அவள் ஏற்கெனவே ராத்திரி தூங்காமல் இதே கேள்விகளைத் தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மருத்துவம் சொல்வது வேறு. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உருவாகும்போதே அந்த எண்ணிக்கை கூடியோ குறைந்தோ அமைந்துவிடுகிறது. அது அந்தத் தாய் செய்த எதனாலும் வந்தது அல்ல. அவள் வேலைக்குப் போனதாலோ, படி ஏறியதாலோ, ஒரு துண்டுப் பழம் தின்றதாலோ கரு கலைவதில்லை. ஆகவே காரணம் கேட்காதீர்கள். அவளே "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டால் மட்டும், "இல்லம்மா, நீ எதுவும் பண்ணலை. டாக்டர்கிட்ட இதையே ஒரு தடவை கேட்டுப் பாரு, அவங்களும் அதைத்தான் சொல்வாங்க" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, ஆறுதல் மாதிரி இருக்கும் வாக்கியங்கள். "நல்லவேளை, ஆரம்பத்திலேயே போச்சு." "சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்." "ஒரு பிள்ளை இருக்குல்ல, அதைப் பாரு." இவை ஒவ்வொன்றும் இழந்ததை இல்லை என்று ஆக்குகின்றன. தகப்பனாரை இழந்தவரிடம் "அம்மா இருக்காங்கல்ல" என்று சொல்லி முடித்துக்கொள்வோமா? அந்தத் தம்பதிக்குப் போனது 9 வாரக் கரு மட்டுமல்ல. பிரசவ மாதத்தைக் கணக்குப் போட்டு, பேர் யோசித்து, யார் ஊரில் பிரசவம் என்று பேசி வைத்த ஒரு பிள்ளை.

மூன்றாவது, யோசனை சொல்வது. இருக்கன்குடிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வாருங்கள், மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று சொல்லத் தொடங்குகிறோம். நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் முதல் வாரத்தில் சொன்னால், "நீங்கள் எதையோ செய்யாமல் விட்டுவிட்டீர்கள்" என்றுதான் அது அவர்கள் காதில் விழும். அவர்களாகக் கேட்கும் நாள் வரை அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எதைத்தான் பேசுவது? ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் உறவுக்காரப் பெண். பேரும் ஊரும் வேண்டாம். ஐந்தாம் மாதம், 18 வாரத்தில் கர்ப்பம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எதிர்வீட்டு அம்மா வந்தார். வாசலிலேயே நின்று, "கேள்விப்பட்டேன் தாயி. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. நீ பேச வேண்டாம். ரசம் சாதமும் கூட்டும் இருக்கு, பாத்திரம் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அதில் என்ன நடந்தது என்று தெரியும் என்பதும், வருத்தமும், பதில் தேவையில்லை என்பதும், சாப்பாடும் இருந்தன. நான்கு சிறிய வாக்கியம்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. அவள் அழுத அழுகை அப்போதுதான் பெரிதாக இருந்தது என்று அவள் அம்மா சொன்னார். நாலு மாதம் தாண்டிய கர்ப்பம் கலைந்தால் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கக்கூடும். உடம்புக்குப் பிள்ளை இல்லை என்பது தெரியாது. பலருக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. மறுபடி அந்த எதிர்வீட்டு அம்மாதான், "இது எல்லாருக்கும் வரும், பயப்படாதே. பீய்ச்சிப் பீய்ச்சி எடுக்காதே, இன்னும் ஊறும். இறுக்கமா இல்லாம உடம்போட ஒட்டின மாதிரி உள்ளாடை போட்டு, ஈரத்துணி வை. காய்ச்சல் வந்தாலோ சிவந்தாலோ டாக்டர்கிட்ட போகணும்" என்று சொல்லியிருக்கிறார். அனுபவமுள்ள பெண்கள் யோசனை சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

அந்தப் பெண்ணின் கணவர் நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டார். கரு கலைந்தால் பெண்ணுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961-ஆம் வருட மகப்பேறு நலச் சட்டமே சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். கணவருக்கு இதில் ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் 2021-இல் இருவருக்குமே 3 நாள் துக்க விடுப்பு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே அந்தக் கணவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்பது மட்டும்தான். "நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கிலாந்து இளவரசர் ஹாரியின் மனைவி மேகன், 2020 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தனக்குக் கரு கலைந்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, தன் கணவர் மனம் உடைந்து நிற்பதைப் பார்த்ததை அதில் எழுதியிருக்கிறார். நலமாக இருக்கிறீர்களா என்று ஒருவரை ஒருவர் கேட்பதுதான் ஆறுதலின் முதல் படி என்பது அவர் சொன்ன கருத்து. லிஃப்ட்டில் அந்தத் தம்பியைப் பார்த்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தோளில் கை வைத்தால் போதும்.

விடுப்பு என்றதும் ஒரு விஷயம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பல நேரம் "அபார்ஷன்" என்று எழுதியிருக்கும். தானாகக் கலைந்ததையும் மருத்துவர்கள் அந்த வார்த்தையால்தான் எழுதுவார்கள். வங்கியில் விடுப்பு விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகப் போன காலத்தில், அதைப் பார்த்துவிட்டு "வேண்டாம்னு கலைச்சிட்டாங்களோ" என்று இருவர் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது. நம்மில் யாருக்காவது அப்படி ஒரு காகிதம் கண்ணில் பட்டால், அந்த வார்த்தையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நம் குடியிருப்புக்குள் செய்யக்கூடியவை சில. வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தியைப் போடாதீர்கள். இரங்கல் போட்டாலும் அது 60 வீட்டுக்கு அறிவிப்பு ஆகிவிடும். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருந்தால், செக்கப்புக்கு ஏன் வரவில்லை என்று சுகாதார செவிலியரிடமிருந்து போன் வரும். "நர்ஸம்மாகிட்ட நான் சொல்லிடட்டுமா?" என்று அனுமதி கேட்டு அந்த ஒரு வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் வளைகாப்பு வந்தால், அவளைக் கூப்பிடாமல் ஒதுக்கவும் வேண்டாம், எல்லோர் முன்னாலும் வற்புறுத்தவும் வேண்டாம். "உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வரணும்னு தோணினா வா, இல்லைன்னா நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று தனியாகச் சொல்லுங்கள். முடிவு அவளுடையது.

எப்போது வெறும் பேச்சு போதாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சலோ நாற்றமோ இருந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி எடுக்க நாம் தயாராக இருக்கலாம். அழுகை நோய் அல்ல. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு இல்லாமல், யாரிடமும் முகம் கொடுக்காமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். "இருந்து என்ன பண்ண" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும். டெலி மனஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கணவருக்கும் இது பொருந்தும்.

கடைசியாக ஒன்று. ஒரு மாதம் போனால் ஊர் மறந்துவிடும். அவர்கள் மறக்காத ஒரு நாள் உண்டு, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி. என் உறவுக்காரப் பெண்ணுக்கு அந்தத் தேதி கார்த்திகை மாதத்தில் வந்தது. அன்றைக்கு எதிர்வீட்டு அம்மா ஒரு டம்ளர் காப்பியோடு வந்து, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாராம். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது வழக்கப்படி சொல்லாமல் எழுந்து போனாராம்.