வயரை வெட்டினாலும் அலறவேண்டும்

மல்லாவியில் ஒரு வீட்டுக் கதவுக்குச் சின்ன அலாரம் பூட்டப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையில் ரீட் சுவிட்ச், கதவில் காந்தம். சுவிட்சின் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்ட வந்தால் அவை ஒட்டும், விலகினால் பிரியும். கதவு திறக்கும்போது சுற்று இணையும்படி பூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் சுவிட்ச் உண்டுதான். ஆனால் அந்த அமைப்பில் எலி வயரைக் கடித்தாலும் அலாரத்துக்குத் தெரியாது. மூடிய கதவில் சுற்று இணைந்திருக்கட்டும். அப்போது கதவு திறந்தாலும், வயர் அறுந்தாலும் ஒரே சேதிதான்: சுற்று பிரிந்தது. அலறும். ஆர்டுயினோவில் ஒரு வயர் உள்ளீட்டுக்கு, மற்றது தரைமுனைக்கு. உள்ளீட்டை INPUT_PULLUP என்று எழுதுங்கள். மூடியிருந்தால் LOW, பிரிந்தால் HIGH.

சோளகம் கதவை ஆட்டினால் சும்மா அலறாதா? அலறும். அதனால் சுற்று அரைச் செக்கன் தொடர்ந்து பிரிந்திருந்தால் மட்டும் சைரனை அடிக்கச் சொல்லுங்கள். அடித்தபின், கள்ளன் கதவைச் சாத்தினாலும் நிற்கக்கூடாது. நீங்கள் நிறுத்தும்வரை அடிக்கட்டும். ஆனால் இரண்டு வயரின் தோலையும் சீவி ஒன்றாக முறுக்கினால் இந்த அமைப்பும் ஏமாறும். ஆகவே வயர் வீட்டுக்குள்ளேயே ஓடட்டும். இரும்புக் கதவென்றால் காந்தத்தின் பலம் குறையும். திருகாணி இறுக்குமுன் கையால் பிடித்துச் சோதித்துப் பாருங்கள்.