சுவரொட்டியில் கண்ட ஆராய்ச்சியைச் சுருக்கி எழுதுதல்

விஞ்ஞான மகாநாடுகளுக்குச் செல்லும் மாணவர், அங்கே சுவர் நெடுகத் தொங்கும் ஆராய்ச்சிச் சுவரொட்டிகளைக் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். ஒரு மாதம் சென்றபின் அப்படத்தை எடுத்துப் பார்த்தால், சாய்ந்த எழுத்துக்களும், மின்விளக்கின் ஒளி விழுந்து வெளிறிய ஒரு மூலையும், எதைக் குறிக்கின்றன என்று தெரியாத சில வண்ணத் தூண்களுமே எஞ்சி நிற்கும். அதைக் கேள்வி, முறை, பேறு, முடிவு என்னும் நான்கு பகுதிகளாகச் சுருக்கி எழுதி வைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பொருள்.

எடுத்துக்காட்டாக, மெய்யாகவே நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கொள்ளலாம். கசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் என்னும் ஊசிமருந்து பயன்படுமா என்று பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை சோதித்து, 1948 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அது வைத்தியச் சஞ்சிகையில் வந்த கட்டுரை. பயிற்சியின் பொருட்டு, அதே செய்தியை ஒருவர் சுவரொட்டியாக அமைத்துத் தொங்கவிட்டார் என்றும், ஒரு மாணவன் அதைப் படம் பிடித்தான் என்றும் வைத்துக்கொள்வோம்.

மாணவன் முதலில் செய்ய வேண்டியது சுருக்குதல் அன்று, பெயர்த்தெழுதுதல். சுவரொட்டியிற் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக வாசித்து, பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். குறுக்காக வாசித்தால் முறையின் பாதி வசனமும் பேற்றின் பாதி வசனமும் ஒட்டிக்கொள்ளும். தெளிவற்ற இடத்தில் 'வாசிக்க முடியவில்லை' என்று எழுதி வைப்பதே நேர்மை. ஊகித்து நிரப்பிய எண் மறுநாள் உண்மை எண்ணைப் போலவே தோன்றும்.

அடுத்தது கேள்வி. சுவரொட்டியின் தலைப்பு பல வேளைகளில் விடையையே கூறிவிடும். 'ஸ்ரெப்ரோமைசின் கசநோயைத் தணிக்கிறது' என்று தலைப்பு இருந்தால், அது கேள்வியாகாது. மாணவன் அதை இவ்வாறு மாற்றி எழுதுவான்: இரு நுரையீரல்களிலும் விரைந்து பரவும் கசநோய் கொண்ட இளவயதினருக்குப் படுக்கை ஓய்வுடன் இம்மருந்தையும் கொடுத்தால், ஓய்வு மட்டும் கொடுப்பதிலும் மேலான பயன் உண்டா? நோயின் வகையும் ஒப்பிடப்படும் சிகிச்சையும் அக்கேள்விக்குள் வந்துவிட்டன. இவற்றை விட்டு, 'மருந்து பயன்படுமா' என்று மட்டும் எழுதினால், எல்லாக் கசநோயாளருக்கும் விடை கிடைத்துவிட்டது என்ற மயக்கம் உண்டாகும்.

முறையை எழுதும்போது, யார், எத்தனை பேர், எவ்வாறு பிரிக்கப்பட்டனர், என்ன கொடுக்கப்பட்டது, யார் அளந்தனர் என்பன போதும். 15 முதல் 30 வயதுக்குட்பட்ட 107 நோயாளர். அவர்களில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். இன்னார் இக்குழு என்று வைத்தியர் தெரிவு செய்யவில்லை. பிராட்போர்ட் ஹில் என்னும் புள்ளிவிபர அறிஞர் எழுமாற்று எண்களைக்கொண்டு அமைத்த பட்டியல், மூடிய உறைகளில் இருந்தது. மருந்து நாளொன்றுக்கு 2 கிராம், ஆறு மணித்தியாலங்களுக்கு ஒரு முறையாக நான்கு ஊசிகள். எக்ஸ்-கதிர்ப் படங்களை மூவர் தனித்தனியே வாசித்தனர். எந்த நோயாளர் எக்குழுவினர் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்கு மருந்து மறுக்கப்பட்டது கொடுமை அல்லவா என்று நேயர்கள் எண்ணக்கூடும். அக்காலத்தில் பிரித்தானியாவில் இம்மருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. கேட்டவர் அனைவருக்கும் கொடுக்க அது போதவில்லை.

இனிப் பேறு. பெரும் பிழைகள் நேர்வது இங்கேதான். சுவரொட்டியில் இரு தூண்கள் வரையப்பட்டு, ஒன்றின்மேல் 51 என்றும் மற்றதன்மேல் 8 என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். மாணவன் படத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, கீழே இருந்த விளக்கவரியை விட்டுவிட்டான். மருந்து பெற்றோர் 55 பேர் என்பது அவனுக்கு நினைவில் உண்டு. ஆகவே '55 பேரில் 51 பேர் குணமடைந்தனர்' என்று எழுதிவிடுகிறான். பார்வைக்கு அதில் ஐயமே எழாது. ஆனால் 51 என்பது ஆட்களின் தொகையன்று; நூற்றுவீதம். ஆட்கள் 28 பேரே. மேலும், அவர்கள் குணமடைந்தவர்கள் அல்லர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கணிசமான தேறுதல் காணப்பட்டவர்கள்.

விளக்கவரியைப் பெயர்த்து எழுதியிருந்தால் இவ்விரு பிழைகளும் நேர்ந்திரா. அவ்வரி இவ்வாறு இருந்திருக்கும்: 'படம் 1. ஆறாம் மாத முடிவில் எக்ஸ்-கதிர்ப் படத்திற் கணிசமான தேறுதல் கண்டோர், நூற்றுவீதத்தில். மருந்துக் குழு 55 பேரில் 28. ஓய்வுக் குழு 52 பேரில் 4.' அளவின் அலகு, மொத்த ஆட்கள், காலம், எதை அளந்தனர் என்ற நான்கும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் சுருக்கத்தில் ஏனைய வசனங்களைக் குறைக்கலாம்; விளக்கவரியைக் குறைத்தல் ஆகாது. படத்தின் இலக்கத்தையும் மாற்றாமல், சொல்லுக்குச் சொல் எழுதி, தன் கருத்து எதுவும் இருந்தால் அதைத் தனி வரியில் எழுதுதல் வேண்டும். தூண்களின் வண்ணங்களையும், எது எக்குழுவைக் குறிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி வைப்பது நன்று; மண்டபத்து மஞ்சள் ஒளியில் எடுத்த படத்தில் வண்ணங்கள் நம்பத்தக்கனவல்ல.

வாசித்த எண் சரியோ என்பதை எண்களே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் படத்தின் விளக்கவரியில், ஓய்வுக் குழுவில் இறந்தோர் 14 பேர், நூற்றுக்கு 27 என்று இருக்கிறது. வெளிறிய மூலையில் மொத்தம் 52 என்பது 62 போலத் தோன்றுகிறது. 14 ஐ 62 ஆல் வகுத்தால் நூற்றுக்கு 23 அளவே வரும். 52 ஆல் வகுத்தால் 27 வரும். மேலும் 55 உடன் 52 ஐக் கூட்டினாற்றான் 107 ஆகும். இரு வழியாலும் 52 என்றே தெளியலாம். மருந்துக் குழுவில் இறந்தோர் 4 பேர், நூற்றுக்கு 7, இதுவும் பொருந்துகிறது. கணக்கு இரு விடைகளுக்கும் இடங்கொடுக்குமாயின், அவ்வெண்ணைத் தெளிவற்றதென்றே குறித்தல் வேண்டும்.

முடிவு என்னும் பகுதியில், சுவரொட்டியை எழுதியவர் சொன்னதை அவர் சொன்ன அளவிலேயே நிறுத்துதல் அவசியம். ஆறு மாதத்தில் மருந்துக் குழுவினர் தெளிவாக மேம்பட்டிருந்தனர்; ஆயினும் முதற் சில மாதங்களில் தேறிய பலரிடத்தில், பின்னர் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாயின. இவ்விரண்டும் முடிவில் இடம்பெறல் வேண்டும். முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டால், சுருக்கம் இனிமையாக இருக்கும், உண்மையாக இராது.

'ஆறாம் மாத முடிவில்' என்ற சொற்கள் விளக்கவரியில் ஒரு மூலையில் கிடப்பவை. இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவனவும் அவையே. அதே நோயாளரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1954 இல் மற்றோர் அறிக்கை வந்தது. அதன்படி மருந்துக் குழுவின் 55 பேரில் 32 பேரும், ஓய்வுக் குழுவின் 52 பேரில் 35 பேரும் இறந்துவிட்டனர். நான்குக்குப் பதினான்கு என்றிருந்த வேறுபாடு, முப்பத்திரண்டுக்கு முப்பத்தைந்து என்று சுருங்கியிருந்தது. அச்சொற்களை விட்டெழுதிய மாணவனின் தாளில், முதல் அறிக்கையின் நூற்றுக்கு 7 என்னும் எண் எக்காலத்துக்கும் உரியதுபோல நின்றிருக்கும். எழுதி வைத்தவனோ இரு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து, எந்த எண் எந்தக் காலத்துக்கு உரியதென்று காட்ட வல்லவனாவான்.